ஒரே மாத்திரை, இரண்டு தேகங்கள்

ஒரே வியாதி கண்டு, ஏறத்தாழ ஒரே வயதும் ஒரே எடையும் உடைய இருவருக்கு, ஒரே வைத்தியர் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்திருக்க, அவர்களுள் ஒருவர் எந்தத் தொந்தரவும் இன்றிச் சொஸ்தமடைவதும், மற்றவர் இரண்டாம் மாதத்திலேயே உள்ளங்கால் எரிகிறது, விரல் நுனிகள் மதமதவென்று இருக்கின்றன என்று முறையிடுவதும் நாம் அடிக்கடி காணும் விஷயமே. அவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். ஆயினும், மாத்திரை ஒன்றாயிருக்க, ஒத்துக்கொள்வதையும் ஒத்துக்கொள்ளாமையையும் நிர்ணயிப்பது தேகத்தில் இருக்கும் எந்தப் பொருள், அது எங்கே இருக்கிறது, தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் இன்று தெளிவான விடை உண்டு. அந்த விடையைத் தேடித் தரும் சாஸ்திரத்துக்கு மருந்து மரபணுவியல் என்று பெயர் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘பார்மகோஜெனோமிக்ஸ்’ என்பார்கள். அதன் முதற் பாடங்களுள் ஒன்று க்ஷயரோக மருந்தாகிய ஐசோநயாசிட்டில் கற்கப்பட்டது. அப்பாடத்தின் முக்கியமான ஒரு பகுதி சென்னை சேத்துப்பட்டிலேயே எழுதப்பட்டது. ஆகையால் பல மருந்துகளைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட, இந்த ஒன்றையே இறுதிவரை பின்பற்றிப் பார்ப்பது நமக்குப் பொருத்தமாயிருக்கும்.

ஐசோநயாசிட் என்ற பொருளை 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரத்து ரசாயனிகள் இருவர் தயாரித்திருந்தனர். ஆனால் க்ஷயரோகக் கிருமியை அது கொல்லும் என்பது நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமலே கிடந்து, 1952இல்தான் வெளிப்பட்டது. விலை மலிவு, வாய்வழி உட்கொள்ளலாம், கிருமியைக் கொல்வதிலோ வெகு தீவிரம் என்ற இந்த மூன்று குணங்களாலும் அது சில மாதங்களுக்குள் உலகமெங்கும் பரவியது. பரவிய கையோடு, சில நோயாளிகளின் சிறுநீரில் மருந்து பெரும்பாலும் மாறாத நிலையிலேயே வெளியேறுவதையும், வேறு சிலரிடம் அது பெரும்பாலும் உருமாறி வெளியேறுவதையும் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தனர். 1954இல் அமெரிக்காவில் ஹ்யூஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், கை கால் நரம்புகளில் எரிச்சலும் மதமதப்பும் காண்பவர்கள் பெரும்பாலும் மருந்தை மெதுவாக உருமாற்றும் கூட்டத்தையே சேர்ந்தவர்கள் என்று கண்டு எழுதினர்.

இந்த உருமாற்றம் என்பது என்ன? விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலைச் சென்று சேர்கிறது. அங்கே ‘நாட்-2’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி ஒன்று இருக்கிறது. நொதி என்பது உயிரணுக்களுக்குள் ரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம். என்சைம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இந்த நொதி செய்யும் காரியம் ஒன்றே: அசெட்டைல் என்ற சிறு அணுத்தொகுதியை எடுத்து ஐசோநயாசிட் மூலக்கூற்றின் ஒரு முனையில் ஒட்டிவிடுகிறது. அது ஒட்டிய கணத்திலிருந்து அந்த மூலக்கூறு கிருமியைக் கொல்லும் சக்தியை இழந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதற்குரிய கழிவாகிவிடுகிறது. ஆகவே மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பது, கல்லீரலில் இந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்பதையே பெரும்பாலும் பொறுத்திருக்கிறது.

கொல்லைப்புறத்தில் ஒரே அளவான இரண்டு தொட்டிகள் இருப்பதாகவும், ஒன்றன் அடியில் பெரிய துவாரமும் மற்றதன் அடியில் சிறிய துவாரமும் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையான குடம் நீரை ஊற்றினால், சற்று நேரத்தில் முதல் தொட்டி தரை தெரிய வற்றிப்போக, இரண்டாவதில் வெகுநேரம் நீர் நிற்கும். ஊற்றியவர் எண்ணியதோ குடங்களை மாத்திரமே. துவாரத்தை அவர் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதப்படும் மில்லிகிராம் கணக்கும் இப்படிக் குடங்களை எண்ணுகிற கணக்குத்தான்.

இதை எண்களில் பார்ப்போம். இருவர் காலையில் ஒரே நேரத்தில் 300 மில்லிகிராம் ஐசோநயாசிட் உட்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருவர் ரத்தத்திலும் மருந்து உச்ச அளவை அடைகிறது. விரைவாக உருமாற்றுபவரின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு ஒரு முறை பாதியாகிறது. மெதுவாக உருமாற்றுபவரிடமோ பாதியாவதற்கு மூன்று மணி நேரம் வேண்டியிருக்கிறது. உச்சத்திலிருந்து ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால், முன்னவரிடம் நான்கு முறை பாதியாகிப் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சியிருக்க, பின்னவரிடம் மூன்றில் ஒரு பங்கு போல இன்னும் இருக்கும். மறுநாள் காலை அடுத்த மாத்திரையை எடுக்கும்போது இருவரிடமும் பழைய மருந்து அநேகமாகத் தீர்ந்துதான் போயிருக்கும். மெதுவாக உருமாற்றுபவரின் தேகத்தில் மருந்து நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. ஒவ்வொரு நாளும் அவருடைய நரம்புகள் அந்த மருந்தில் தோய்ந்திருக்கும் நேரம் அதிகம் என்பதே விஷயம். தினந்தோறும் நேரும் இந்த வித்தியாசம் மாதக்கணக்கில் தொடரும்போது அதன் விளைவு காலில் தெரிகிறது.

இந்த வித்தியாசம் பிறவியில் வருவதா, அல்லது உணவாலும் வியாதியாலும் உண்டாவதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. போனிக்கே, லிஸ்போவா என்ற இருவர் 1957இல் இரட்டையர்களைச் சோதித்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவரும் மருந்தை உருமாற்றுவதில் ஒத்திருப்பதைக் கண்டனர். இதைக்காட்டிலும் தீர்க்கமான சான்று 1960இல் பால்டிமோரிலிருந்து வந்தது. ஈவன்ஸ், மான்லி, மக்கூசிக் என்ற மூவரும் 53 குடும்பங்களைச் சேர்ந்த 267 பேருக்கு, அவரவர் எடைக்குத் தக்கபடி ஒரு வேளை ஐசோநயாசிட் கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று அளந்தனர். மனிதர்களின் உயரத்தை அளந்தால், பெரும்பான்மையோர் நடுத்தர உயரத்தில் குவிந்து, இரு பக்கமும் எண்ணிக்கை படிப்படியாகக் குறைவதைக் காண்போம். இங்கோ அப்படி இல்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் ஏறத்தாழ இரண்டரை மைக்ரோகிராம் என்ற இடத்தில் ஆட்கள் அருகி ஒரு பள்ளம் விழுந்திருக்க, அதற்குக் கீழே ஒரு குவியலும் மேலே ஒரு குவியலுமாக ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். உணவு, உழைப்பு, வயது போன்ற நூறு காரணங்கள் கூடி ஒரு குணத்தை உண்டாக்கும்போது இத்தகைய பிளவு தோன்றாது. ஒரே காரணம், அதுவும் வலுவான காரணம், பின்னால் இருக்கும்போதுதான் தோன்றும். குடும்பங்களாக வைத்துப் பார்த்தபோதோ சந்தேகத்துக்கே இடமில்லாமற் போயிற்று. தாய், தந்தை இருவரும் மெதுவாக உருமாற்றுபவராயிருந்த குடும்பங்களில் குழந்தைகளும் அவ்வாறே இருந்தனர். விரைவாக உருமாற்றும் பெற்றோருக்கோ இரு விதமான குழந்தைகளும் பிறந்திருந்தன.

இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இரண்டு பிரதிகளும் குறையுடையனவாக இருந்தால்தான் ஒருவர் மெதுவாக உருமாற்றுபவராகிறார்; ஒரு பிரதியாவது நல்லதாக இருந்தால் போதுமான நொதி உண்டாகிவிடுகிறது. பிற்காலத்தில் அளவைக் கருவிகள் நுட்பமானபோது, ஒரு நல்ல பிரதி மாத்திரம் உடையவர்கள் நடுத்தரமான வேகமுள்ள மூன்றாவது கூட்டம் என்பதும் தெரியவந்தது. தென்னிந்தியரில் நூற்றுக்கு அறுபது பேர் போல மெதுவாக உருமாற்றுபவர்கள். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், மீதி நாற்பதில் ஏறக்குறைய முப்பத்தைந்து பேர் நடுத்தரக் கூட்டத்திலும், ஐந்து பேர் மாத்திரமே இரண்டு நல்ல பிரதிகளை உடைய அதிவிரைவுக் கூட்டத்திலும் இருக்க வேண்டும். ஜப்பானியரிலோ மெதுவாக உருமாற்றுபவர் பத்தில் ஒருவர்தாம். எனவே ஜப்பானில் நடந்த மருந்துச் சோதனையின் முடிவு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குறை என்று சொன்னது எத்தகைய குறை என்பதும் இன்று தெரியும். நாட்-2 மரபணு நமது எட்டாவது குரோமசோமில் இருக்கிறது. புரதத்தை உண்டாக்குவதற்கான கட்டளை அதில் 870 எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்து உயிரணு 290 அமினோ அமிலங்களைக் கோத்து நொதியைச் செய்கிறது. நம்மவரில் அதிகமாகக் காணப்படும் ஒரு மாற்றத்தில், 590ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்து இருக்கிறது. அதன் பயனாக, நொதியின் 197ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வராமல் குளூட்டமின் வந்து உட்காருகிறது. இப்படி உண்டான நொதி உறுதியற்றது. கல்லீரலில் நிலைத்து நிற்பதில்லை. ஆகையால் எந்த நேரத்திலும் வேலைக்குக் கிடைக்கும் நொதியின் அளவு சொற்பமாக இருக்கிறது. எண்ணூற்று எழுபதில் ஓர் எழுத்து! உள்ளங்கால் எரிச்சலின் மூலம் அங்கே இருக்கிறது. இவ்விதம் மாறிய பிரதியை உடையவர்கள் வியாதியஸ்தர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐசோநயாசிட் போன்ற ஒரு மருந்து தேகத்துக்குள் புகாதவரையில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆரோக்கியத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் க்ஷயரோக ரசாயன சிகிச்சை நிலையத்தை அமைத்தன. க்ஷயரோகிகளை ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்பதை 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது அந்த நிலையமே. அங்கே ஐசோநயாசிட்டை மாத்திரம் அதிக அளவில் பெற்ற நோயாளிகளைத் தேவதத்தா முதலிய வைத்தியர்கள் தொடர்ந்து கவனித்து வந்தபோது, நரம்பழற்சி பெரும்பாலும் மெதுவாக உருமாற்றுபவரையே பற்றுவதை அவர்களும் கண்டனர். அதன் காரணமும் ஒருவாறு விளங்கியது. ஐசோநயாசிட் தேகத்திலுள்ள பி-6 வைட்டமினாகிய பிரிடாக்சினோடு கூடி அதைச் செயலற்றதாக்கிச் சிறுநீரில் இழுத்துச் சென்றுவிடுகிறது; நரம்புகளோ அந்த வைட்டமின் இல்லாமல் நெடுநாள் தாங்குவதில்லை. முதலிலேயே போஷாக்குக் குறைந்த தேகமானால் இழப்பு இன்னும் விரைவில் வெளிப்படும்.

இங்கே பரிகாரம் மரபணுப் பரிசோதனையில் இல்லாமல் வேறிடத்தில் இருந்தது என்பதை நான் விசேஷமாகச் சொல்ல விரும்புகிறேன். யார் மெதுவாக உருமாற்றுபவர் என்று ஒவ்வொருவரையும் சோதித்துக்கொண்டிராமல், எல்லோருக்குமே தினம் சில மில்லிகிராம் பிரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும். நரம்பழற்சி பெரும்பாலும் வருவதில்லை, மருந்தின் கிருமி கொல்லும் சக்தியும் அந்தச் சிறிய அளவினால் குறைவதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க மரபியல் வேண்டியிருந்தது. காரியத்தை நடத்த மலிவான வைட்டமின் மாத்திரை போதுமாயிருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி உண்டு. மெதுவாக உருமாற்றுபவருக்குத் தொந்தரவு அதிகமென்றால், விரைவாக உருமாற்றுபவருக்கு வியாதி குணமாவது குறையுமா? குறையும் என்றுதான் எவரும் முதலில் எதிர்பார்ப்பர். தினந்தோறும் மருந்து சாப்பிடும் முறையில் அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்தது. இதற்கு விளக்கமும் சென்னைச் சோதனைகளிலேயே கிடைத்தது. ஒரு நாளைக்குரிய ஐசோநயாசிட்டை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுத்ததைவிட, முழுவதையும் ஒரே வேளையாகக் கொடுத்தபோது நல்ல பலன் கண்டது. கிருமியின்மேல் மருந்து ஒரு முறை உயர்ந்த அளவில் பாய்வதே முக்கியம். அது நாள் முழுவதும் நீடிக்க வேண்டிய அவசியமில்லை. விரைவாக உருமாற்றுபவருக்கும் அந்த உச்சம் தினம் ஒருமுறை கிடைத்துவிடுகிறது.

ஆனால் நோயாளிகள் தினம் நிலையத்துக்கு வந்து போவது சிரமமாயிருந்ததால், வாரத்துக்கு இரண்டு நாளும், பின்னர் வாரத்துக்கு ஒரே நாளும், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு ஐசோநயாசிட்டை உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்தனர். வாரம் இருமுறை கொடுத்தபோது இரு கூட்டத்தாரும் நன்றாகவே தேறினர். வாரம் ஒரு முறையாகக் குறைத்தபோதோ, மெதுவாக உருமாற்றுபவர்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ள, விரைவாக உருமாற்றுபவர்கள் தெளிவாகப் பின்தங்கினர். மருந்து பட்ட கிருமிகளில் சாகாதவை சில நாட்கள் பெருக்கம் நின்று முடங்கிக் கிடக்கும். பிறகு மீண்டும் பெருகத் தொடங்கும். மருந்து ரத்தத்தில் நின்ற நேரம் குறைவானால் இந்த முடக்கமும் குறுகிவிடுகிறது. ஏழு நாள் இடைவெளி அவற்றுக்குத் தாராளமான அவகாசமாகிவிடுகிறது. ஒரே மரபணு வித்தியாசம், தினசரி முறையில் சிகிச்சையின் வெற்றியைத் தொடாமல் விட்டு, வாராந்தர முறையில் அதைத் தீர்மானிப்பதாக ஆகிவிட்டது. மரபணு மாத்திரம் விதியாவதில்லை. எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாளுக்கொரு முறை என்பவற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வேறு மருந்துகளில் கதை தலைகீழாகவும் போகும். வலிக்கும் இருமலுக்கும் கொடுக்கப்படும் கோடீன் தன்னளவில் வலுவற்றது. கல்லீரலில் வேறொரு நொதி அதை மார்ஃபினாக மாற்றிய பின்னரே வலி தீர்க்கிறது. அந்த நொதி இல்லாமற் பிறந்தவருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் வலி அடங்குவதில்லை. அது மிதமிஞ்சி உடையவருக்கோ சாதாரண அளவே மூச்சை மந்தப்படுத்தும் ஆபத்தாகலாம். ஐசோநயாசிட்டில் நொதி மருந்தை அழிக்கிறது, கோடீனில் நொதி மருந்தை ஆக்குகிறது. ஆகவே விரைவு நல்லதா மெதுவு நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை.

இன்று நம் நாட்டில் க்ஷயரோகிகளுக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை தினமும் கொடுக்கப்படுகிறது. பெரியவர்களுக்குரிய அந்த மாத்திரை ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் ஐசோநயாசிட் இருக்கிறது. எத்தனை மாத்திரை என்பதை எடை நிர்ணயிக்கிறது, மரபணு நிர்ணயிப்பதில்லை. நிர்ணயிக்கலாகாதா என்று ஜப்பானில் ஒரு சோதனை நடத்தி 2013இல் வெளியிட்டனர். மரபணுவைப் பார்த்து, மெதுவாக உருமாற்றுபவருக்கு வழக்கமான அளவில் பாதியும், அதிவிரைவாக உருமாற்றுபவருக்கு ஒன்றரை மடங்கும் கொடுத்தனர். அப்படிக் கொடுத்தபோது மெதுவாக உருமாற்றுபவர்களில் யாருக்கும் மருந்தினால் கல்லீரல் கெடவில்லை. வழக்கமான அளவைப் பெற்ற அதே வகையினரில் பெரும்பாலோருக்குக் கெட்டது. விரைவாக உருமாற்றுபவர்களில் ஆரம்பத் தோல்விகளும் குறைந்தன. முடிவு கவர்ச்சியானதுதான், ஆனால் சோதனையில் மெதுவாக உருமாற்றுபவர்கள் மிகச் சிலரே. மெதுவாக உருமாற்றுபவர்களே பெரும்பான்மையாக உள்ள நம் நாட்டில் அதே முறையைப் பெரிய அளவில் சோதிக்காமல், அளவைப் பாதியாக்கலாம் என்று முடிவுகட்டுவது தவறு என்பதே என் அபிப்பிராயம். மேலும், கல்லீரல் கெடுவதற்கு மதுவும், ஏற்கெனவே இருந்த கல்லீரல் வியாதியும், கூட்டு மாத்திரையிலுள்ள மற்ற மருந்துகளும் காரணமாகலாம். எல்லாப் பழியையும் ஒரு மரபணுவின்மேல் போட இயலாது.

இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டு வருபவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கவனிக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. ஆளைப் பார்த்தோ, பெற்றோரைக் கேட்டோ ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரென்று சொல்ல முடியாது. ஆகையால் கால் எரிச்சலோ விரல் மதமதப்போ கண்டால் மாத்திரையைத் தாமே நிறுத்துவதோ, எண்ணிக்கையைக் குறைப்பதோ கூடாது. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்வரை காத்திராமல் உடனே சென்று சொல்லி, பிரிடாக்சின் கொடுக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். வலிப்புக்காக ஃபெனிட்டாயின் சாப்பிடுபவரானால் அதையும் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். ஐசோநயாசிட் அந்த மருந்தின் சிதைவைத் தடுத்து அதன் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும், மெதுவாக உருமாற்றுபவரிடம் இது இன்னும் கடுமையாகி நடை தள்ளாடச் செய்யும். கண் மஞ்சளித்தாலோ, சோறு பிடிக்காமல் குமட்டல் தொடர்ந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.